நடும் நாளுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பங்குனியில் தண்ணீர் ஊற்ற வாருங்கள்

மடிப்பாக்கத்தில் நம் நகரின் எல்லாத் தெருக்களிலும் குடியிருக்கும் குடும்பத்தினருக்கு,

வணக்கம்.

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் தெருக்களில் 40 மரக்கன்றுகளை நடப்போகிறோம். குழி எடுக்க ஆள் சொல்லியாகிவிட்டது. எரு வந்துவிட்டது. மூங்கில் கூண்டுக்கும் சங்கக் கணக்கிலிருந்து முன்பணம் கொடுத்தாயிற்று. எனவே நடுவதற்கு உதவி கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அன்று காலையில் ஊரே திரண்டு வரும் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது வேறு. ஒரு குடும்பம் ஒரு கன்றைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டு, அடுத்த பொங்கல் முதல் ஆடிப்பெருக்கு வரையிலும், அதற்கடுத்த ஆண்டு மீண்டும் ஒருமுறை அதே மாதங்களிலும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு கோடைகள். நட்ட முதல் மாதத்தைத் தவிர அதற்குமேல் கேட்கமாட்டோம்.

ஏன் அந்த மாதங்கள் மட்டும்? சென்னையின் மழைக்கணக்கு அப்படி. செப்டம்பரில் மாலை இடிமழை அவ்வப்போது கிடைக்கும். அக்டோபர் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். அந்த மூன்று மாதங்களில் கன்று தானாகவே வேர் பிடித்துக்கொள்ளும். புதுத் தளிரும் விடும். பார்க்கிறவர்கள் ‘பிழைத்துவிட்டது’ என்று நினைத்து மறந்துவிடுவார்கள். தை பிறந்ததும் மழை நின்றுவிடும். அதன்பின் ஐந்தாறு மாதங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மழை கிடையாது. தெருவோரக் கன்றுகளில் பெரும்பாலானவை சாவது இந்த இடைவெளியில்தான். நட்ட நாளின் புகைப்படத்தில் சிரித்துக்கொண்டு நின்ற ஒருவரும் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை.

இதற்கு நம் பகுதியிலேயே ஒரு சாட்சி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து வந்த ஒரு குழுவினர் பூங்காவை ஒட்டிய தெருவில் வரிசையாகப் புங்கைக் கன்றுகளை நட்டுவிட்டுச் சென்றார்கள். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று இஸ்திரி போடுகிறவரின் தள்ளுவண்டிக்கு அருகில் இருந்தது. மற்றொன்று நான்கு வீடு தள்ளி, ஒரு பெரிய வீட்டின் வாசலில். பெரிய வீட்டுக்காரர் அக்கறை உள்ளவர். நாள் தவறாமல், செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது இந்தக் கன்றுக்கும் குழாயை நீட்டி மண்ணை நனைத்துவிடுவார். இஸ்திரிக்காரரோ தினமும் ஊற்றியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், வண்டியைக் கட்டும் நேரத்தில் இரண்டு வாளி கொண்டுவந்து மெதுவாக ஊற்றுவார். அவ்வளவுதான். மே மாதத்தில் காய்ந்தது தினமும் நனைக்கப்பட்ட கன்று.

காய்ந்த கன்றைத் தோண்டிப் பார்த்தோம். மேலே நான்கு விரற்கடை மண் ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே கடப்பாரை இறங்காத அளவுக்குக் களிமண் இறுகிக் கிடந்தது. நாற்றங்காலில் போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் பையை நட்டவர்கள் முழுதாகக் கழற்றவில்லை. வாயை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே குழிக்குள் இறக்கியிருந்தார்கள். பையின் வடிவத்திலேயே வேர்கள் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. வெளியே ஒரு வேர்கூட நீளவில்லை. பை ஒரு காரணம். தண்ணீர் மேல்மண்ணோடு நின்றுபோனது இன்னொரு காரணம். பையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்த முறை ஒவ்வொரு குழியிலும் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் நின்று, பையை அறுத்து வெளியே எடுத்து, சுற்றிய வேர்களைக் கையால் பிரித்துவிட்ட பிறகுதான் மண் தள்ள விடுவோம். தண்ணீர் விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு கன்றைச் சுற்றிலும் மூன்றடி விட்டத்தில் வட்டப் பாத்தி கட்டித் தருவோம். 15 லிட்டர் வாளி ஒன்றை அதில் கவிழ்த்தால், பாத்தி முழுவதும் ஏறக்குறைய ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய நம் களிமண்ணில் அந்த ஓர் அங்குலத் தண்ணீர் நான்கைந்து அங்குல ஆழத்தைத்தான் நனைக்கும். கடற்கரைப் பக்கத்து மணலாக இருந்தால் ஓரடி இறங்கியிருக்கும். கன்றின் வேர்ப்பந்தோ ஓரடி ஆழத்துக்கு இருக்கிறது. ஆகவே ஒரு வாளி ஊற்றினால் பாதி வேருக்குத்தான் தண்ணீர் போய்ச் சேர்கிறது. இப்போது குளியலறைக் குவளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே பாத்தியில் அது இரண்டு மில்லிமீட்டர்கூட நிற்காது. மே மாத வெயிலில் சென்னையில் திறந்து கிடக்கும் தண்ணீர் ஒரே நாளில் ஐந்து மில்லிமீட்டருக்குமேல் ஆவியாகிப் போகும். காலையில் ஊற்றிய குவளைத் தண்ணீர் அன்று மதியத்துக்குள் வானத்துக்குப் போய்விடுகிறது. தினமும் ஒரு குவளை ஊற்றியவருக்கு மனநிறைவு கிடைக்கும். மரத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

மேலாக நனைத்தால் இன்னொரு கேடும் உண்டு. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் ஓடும். எப்போதும் மேல்மண்ணில் மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே படரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள் காலையில் நம் சாலைகள் எப்படி இருந்தன என்பது இங்கே பழையவர்களுக்கு நினைவிருக்கும். மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் தட்டையான வேர்த்தட்டோடு பெயர்ந்து கிடந்தன. அதற்கு மர இனத்தின் குணமும் காரணம். அடிமரம் வரை சிமெண்ட் பூசியதும், கால்வாய்க்கும் கேபிளுக்குமாகத் தோண்டி வேரை வெட்டியதும் காரணம். தண்ணீரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் நாளை உங்கள் வாசலில், உங்கள் கார் நிற்கும் இடத்துக்கு மேலே நிற்கப்போகும் மரம் ஆழமாக வேர் விடுவதா வேண்டாமா என்பதில் முதல் இரண்டு கோடைகளுக்குப் பங்கு உண்டு.

அளவைச் சொல்லிவிடுகிறேன். நட்ட முதல் மாதம் மட்டும் கணக்கு வேறு. பையிலிருந்து வந்த செம்மண்ணும் எருவும் கலந்த மண், சுற்றியுள்ள களிமண்ணைவிட வேகமாகக் காயும். வேரும் அதற்குள்ளேதான் இருக்கும். எனவே மழை பெய்யாத நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், அரை வாளியைத் தண்டுக்கு ஒரு சாண் தள்ளி, அந்தப் பை மண்ணிலேயே இறங்கும்படி ஊற்ற வேண்டும். பருவமழை தொடங்கிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம். தை பிறந்ததிலிருந்து மார்ச் வரை வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வாளி. ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி. பிறகு மாலை மழை எட்டிப் பார்க்கத் தொடங்கினால் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கோடையில் பாத்தியைக் கொஞ்சம் அகலமாக்கி, வாரத்துக்கு ஒருமுறை மூன்று வாளி ஊற்றினால் போதும். மூன்றாம் ஆண்டில் அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு வாளியையும் ஒரே மூச்சில் கவிழ்க்கக் கூடாது. கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். வேகமாக ஊற்றினால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும். பாத்தி ‘குடித்துவிட்டது’ போலத் தோன்றும், வேர்ப்பந்து உலர்ந்தே இருக்கும். முதலில் களைக்கொட்டால் லேசாகக் கொத்தி வெடிப்பை மூடுங்கள். ஒரு வாளியை ஊற்றிவிட்டு, கோலம் போட்டு முடிக்கும் நேரம் விட்டு, அடுத்த வாளியை ஊற்றுங்கள். பாத்தியில் காய்ந்த இலையையோ தேங்காய் மட்டையையோ மூன்று அங்குலத்துக்குப் பரப்பிவையுங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பட்டை அழுகும். நம் துப்புரவுப் பணியாளர்களிடம் நாங்களே பேசிவிட்டோம். அந்த இலைகளைக் குப்பை என்று கூட்டி அள்ளமாட்டார்கள், அங்கேயே வைத்துக் கொளுத்தவும் மாட்டார்கள்.

தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் மெல்லிய கம்பித்துண்டு ஒன்றை எடுத்து, தண்ணீர் ஊற்றிய மறுநாள் பாத்தியின் ஓரத்தில் குத்திப் பாருங்கள். ஈரமான மண்ணில் எளிதாக இறங்கும். உலர்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். ஓரடி இறங்கினால் சரி. அரையடியில் நின்றால் இன்னொரு வாளி தேவை. இலைகளையும் பாருங்கள், ஆனால் மதியம் பார்க்காதீர்கள். மே மாத மதியத்தில் எல்லாக் கன்றும் இலையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் நிற்கும். காலை ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தாகம். இலை மஞ்சளாகி, மண் சொதசொதவென்று புளித்த வாடை வீசினால் தண்ணீர் அதிகம் என்று பொருள். ஒரு வாரம் ஊற்றாமல் விடுங்கள்.

அடுத்து, எல்லோரும் கேட்கப்போகும் கேள்வி. லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற நாம் அதை மரத்துக்கு ஊற்ற முடியுமா? நியாயமான கேள்விதான். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, குடத்தோடு நாம் நின்றதை மறக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடுங்கோடையில் ஒரு கன்றுக்கு வாரத்துக்கு 60 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது லிட்டர். கழிப்பறைத் தொட்டியை ஒருமுறை அழுத்தினால் போவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதையும் வாங்கிய தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஏசி ஓடும் வீடுகளில் வெளியே சொட்டும் குழாயின் கீழ் ஒரு வாளியை வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவில் அரை வாளி எளிதாகச் சேரும். காற்றிலிருந்து குளிர்ந்து வடியும் தண்ணீர் என்பதால் அதில் உப்பே இருக்காது. செடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் மழைதான். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் தாராளமாக ஊற்றலாம்.

இரண்டு தண்ணீரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் சேர்த்து ஊற்றுவது நல்ல எண்ணம்தான். ஆனால் நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பு. கருவி தான் பிரித்தெடுத்த உப்பையும் சேர்த்து அந்தக் கழிவில்தான் தள்ளுகிறது. மாதக்கணக்கில் அதையே ஊற்றினால் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும். ஏசி தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, அதுவும் எப்போதாவது ஊற்றுங்கள். பூவரசு கொஞ்சம் அதிகமாகவே தாங்கும், நாவலுக்கு வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்தின் முதல் தண்ணீரும் அப்படியே. சோப்புத்தூளில் உள்ள சோடியம் களிமண்ணின் துளைகளை அடைத்து அதை இன்னும் இறுக்கிவிடும். கடைசி அலசல் தண்ணீர் என்றால் பரவாயில்லை.

எந்தத் தெருவுக்கு எந்தக் கன்று என்பதை நாங்களே முடிவு செய்திருக்கிறோம். ‘எனக்கு வேம்புதான் வேண்டும்’ என்று சிலர் இப்போதே சொல்லிவிட்டார்கள். மன்னிக்க வேண்டும். நவம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தாழ்வான தெருக்களில் வேம்பு பிழைக்காது. தேங்கிய தண்ணீர் அதற்கு ஆகாது. அங்கெல்லாம் நீர்மருது, நாவல், புங்கை, பூவரசு. சற்று மேடான இரண்டு தெருக்களில் மட்டும் வேம்பு. மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் எதையும் வைக்கமாட்டோம்; அங்கே மந்தாரையும் பவளமல்லியும் வரும். ஆலும் அரசும் தெருவில் கிடையாது. உங்கள் தரைத்தொட்டியும் சுற்றுச்சுவரும் எங்களுக்கும் முக்கியம்.

புங்கை கிடைக்கிற குடும்பங்களுக்கு முன்கூட்டியே ஒரு தகவல். பிப்ரவரி, மார்ச்சில் அது இலையை உதிர்க்கும். பார்த்தவுடன் செத்துப்போனது போலவே இருக்கும். சென்ற முறை நட்ட வரிசையில் ஒருவர் அப்படி நினைத்து மொட்டைத் தண்டைப் பிடுங்கியே போட்டுவிட்டார். நகத்தால் தண்டின் பட்டையை ஓரிடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீரை நிறுத்தாதீர்கள். சில வாரங்களில் பளபளவென்று தளிர் வரும். பிறகு இலையில் குட்டிக் கொம்புகள் போலப் புடைப்புகள் தோன்றும், வெள்ளைத் திட்டுகளும் வரும். பூச்சிகளின் வேலைதான். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, மரத்துக்கு ஆபத்தில்லை. மருந்து வாங்கி அடிக்க வேண்டாம்.

கன்றைத் தாங்க ஒரு சவுக்குக் கழி ஊன்றுவோம். கட்டுவதற்குப் பழைய பருத்திப் புடவைக் கிழிசல் போதும். கழிக்கும் தண்டுக்கும் நடுவில் ஒருமுறை முறுக்கி, தளர்வாகக் கட்ட வேண்டும். நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் தண்டு பருக்கப் பருக்க உள்ளே வெட்டி இறங்கிவிடும். ஓராண்டு கழிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மூங்கில் கூண்டு மாட்டுக்காக. நம் தெரு மாடுகளுக்குப் பூவரசு இலை என்றால் உயிர் என்பதால் அந்தக் கூண்டை யாரும் துணி உலர்த்த எடுத்துக்கொண்டு போக வேண்டாம். குடும்பத்தின் பெயர் எழுதிய தகட்டையும் கூண்டில்தான் கட்டுவோம். தண்டில் ஆணி அடிக்கவே கூடாது.

எங்களை உண்மையில் பயமுறுத்துவது மே மாதம். பள்ளி விடுமுறை, குலதெய்வக் கோயில், சொந்த ஊர்த் திருவிழா என்று பாதி நகர் காலியாகிவிடும். அக்னி நட்சத்திரமும் அதே நாட்களில்தான். களிமண்ணில் ஒரு வாரம் விட்டுப்போனால் கன்று தாக்குப்பிடிக்கும். மூன்று வாரம் விட்டுப்போனால் பிழைக்காது. அதனால் எதிரெதிர் வீடுகளாக இரண்டிரண்டு குடும்பங்களை இணைத்துப் பதிவு செய்யப்போகிறோம். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இரண்டு கன்றுக்கும் ஊற்ற வேண்டும். எதிர்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணம் கேட்காமல் வேறு ஜோடி பார்த்துத் தருகிறோம். இருவரும் ஒரே சமயம் கிளம்பினால் பொருளாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காவலாளி மூலம் ஏற்பாடு செய்வோம்.

வாடகைக்கு இருப்பவர்கள் தயங்க வேண்டாம். இரண்டு ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர்களும் பெயர் கொடுக்கலாம். வீடு மாறும்போது எங்களிடம் சொன்னால் அடுத்து வருபவரிடம் பேசிக்கொள்கிறோம். அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் வாளி தூக்கி இறங்க வேண்டாம். கீழ்த்தளத்தில் ஒரு குழாய்க்கும் ஒரு பீப்பாய்க்கும் உங்கள் குடியிருப்புச் செயலாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். ஏசி தண்ணீரைக் குழாய் மூலம் பீப்பாய்க்கு இறக்க முடிந்தால் வேலை பாதி குறையும். வயதானவர்கள் மட்டும் உள்ள வீடுகளுக்கு, தெருமுனைக் கடைக்கு அருகில் வரும் கன்றுகளை ஒதுக்கியிருக்கிறோம். கடைக்காரர் ஊற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், நீங்கள் அவருக்கு நினைவூட்டினால் போதும்.

பதிவு நோட்டுச் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. மாலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை யாராவது இருப்போம். 40 கன்றுகளுக்கும் பெயர் சேர்ந்தால் 40 குழி எடுப்போம். 25 பெயர்தான் வந்தால் 25 கன்றுகளை மட்டும் நடுவோம். மீதியை நாற்றங்காலிலேயே விட்டுவைத்து அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம். பெயர் இல்லாமல் ஒரு கன்றுகூடத் தெருவுக்கு வராது என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். பெயர் கொடுக்க வரும்போது வீட்டிலுள்ள வாளியின் அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள். 10 லிட்டர் வாளி என்றால் இரண்டுக்குப் பதில் மூன்று என்று உங்கள் அட்டையில் குறித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்